டியூப்லெஸ் டயரில் சாய்ந்து ஏறிய ஆணி

காரின் பின் டயரில் 33 பிஎஸ்ஐ காற்று பிடித்தால், சில நாளில் 25-க்கு இறங்கிவிடும். வால்வு பின்னை மாற்றியும், ரிம் விளிம்பைச் சுத்தம் செய்தும் பயனில்லை. சோப்புத் தண்ணீர் தெளித்தபோது, டிரெட் பள்ளத்தில் தேய்ந்து மழுங்கிய ஆணித்தலையைச் சுற்றி நுரை மெல்லக் கிளம்பியது.

ஆணியைப் பிடுங்கி பஞ்சர் திரி செருகிய பிறகும் கசிவு நிற்கவில்லை. ஆணி சாய்வாக ஏறியிருந்தது. திரியோ நேராக இறங்கியிருந்தது. பழைய துளை அப்படியே இருக்க, பக்கத்தில் புதுத்துளை விழுந்துவிட்டது. அதனால் ஆணியை எடுக்கும்போதே அது சாய்ந்த திசையைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ள வேண்டும். அரம் போன்ற ஊசியும் திரியும் அதே சாய்வில்தான் போக வேண்டும்.

சாய்ந்த ஆணியில் இன்னொரு ஆபத்து உண்டு. வெளியே டிரெட்டில் நுழைந்தது உள்ளே, டிரெட்டும் பக்கச்சுவரும் சேரும் தோள்பட்டைப் பகுதியில் வெளிவந்திருக்கலாம். டயரைக் கழற்றாமல் இது தெரியாது. கழற்றிப் பார்த்ததில் உள்வாய் டிரெட்டுக்குள்ளேயே இருந்தது, துளை 6 மில்லிமீட்டருக்கும் குறைவு. உள்ளே கறுப்பு ரப்பர் தூளோ, பக்கச்சுவரில் சுற்றிலும் தேய்ந்த வளையமோ இல்லை. அவை இருந்தால் காற்றில்லாமல் ஓடியதில் பக்கச்சுவர் நைந்துவிட்டது என்று பொருள். அந்த டயரை மாற்றத்தான் வேண்டும்.

திரியை எடுத்துவிட்டு, தண்டுடன் கூடிய காளான் பேட்சை உள்ளிருந்து ஒட்டியதும் 33 நிலைத்து நிற்கிறது.