“வெள்ளிக்கிழமைக்குள் ஸ்லைடு அனுப்புங்கள்”: இந்த ஒரு வரி ஏன் போதாது

மொரீஷியசில், ரோஸ் ஹில்லில் நாங்கள் நடத்திய ஒருநாள் தமிழாசிரியர் கருத்தரங்கில் ஒன்பது பேர் பேசினார்கள். நால்வர் உள்ளூர், இருவர் ரெயூனியன், இருவர் சென்னை, ஒருவர் டர்பன். எல்லோருடைய ஸ்லைடுகளையும் ஒரே கோப்பாகக் கோத்து, ஒரே லேப்டாப்பில் ஓட்டத் திட்டம். நிகழ்ச்சி சனிக்கிழமை காலை. “வெள்ளிக்கிழமைக்குள் ஸ்லைடுகளை அனுப்பிவையுங்கள்” என்று மட்டும் எல்லோருக்கும் எழுதியிருந்தேன்.

முதல் தவறு, எதற்காகக் கேட்கிறேன் என்று சொல்லாதது. நகல் ஒன்று எங்களிடம் இருக்கட்டும் என்பதற்காகக் கேட்பதாகவே பலர் நினைத்துவிட்டார்கள். இருவர் வெள்ளிக்கிழமை ஒன்றை அனுப்பிவிட்டு, சனிக்கிழமை பென் டிரைவில் வேறொன்றைக் கொண்டுவந்தார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல முடியாது. எல்லாம் ஒரே கோப்பில் சேரப்போகிறது, மேடையில் லேப்டாப் மாற்றமாட்டோம் என்று நான் எழுதவே இல்லையே.

எங்களை மிகவும் அலைக்கழித்தது எழுத்துருதான். தமிழில் ஸ்லைடு கேட்கும் எவரும் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். பழைய ஆசிரியர்கள் பலர் இன்னும் பாமினி போன்ற எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள். அவர்கள் கணினியில் அழகாகத் தெரியும். உண்மையில் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது, அவ்வளவுதான். பாமினி இல்லாத எங்கள் லேப்டாப்பில் ‘தமிழ்’ என்ற சொல் `jkpo;` என்று வந்தது. சென்னைப் பேச்சாளர் ஒருவரின் பதினான்கு ஸ்லைடும் இப்படித்தான் வந்தன. வெள்ளி இரவு உட்கார்ந்து யூனிகோடுக்கு மாற்றினோம். மேற்கோள் குறிகளும் இடையிடையே வந்த பிரெஞ்சுச் சொற்களும் சிதைந்ததால் ஒவ்வொரு வரியையும் மறுபடி படித்துத் திருத்த வேண்டியிருந்தது.

யூனிகோடில் இருந்தால் இந்த ஆபத்து இல்லை. அந்த எழுத்துரு நம்மிடம் இல்லாவிட்டாலும் விண்டோஸ் நிர்மலாவையோ லதாவையோ போட்டுக் காட்டிவிடும். வரி நீண்டு பெட்டிக்கு வெளியே போகலாம், சொல் அழியாது. அனுப்புகிறவர் தாமே சோதிக்க எளிய வழி உண்டு: ஸ்லைடிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பார்ப்பது. தமிழாகவே வந்தால் யூனிகோடு.

ஆகவே பவர்பாயிண்ட் கோப்போடு அதன் பிடிஎஃப் நகலையும் கேளுங்கள். பிடிஎஃப் எழுத்துருவைத் தன்னோடு எடுத்து வரும் என்பதால், பேச்சாளர் திரையில் கண்டது அதில் அப்படியே இருக்கும். கோத்து முடித்தபின் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது சிதைந்தது என்று உடனே தெரியும். ஸ்லைடு அளவு 16:9 என்பதையும் சொல்லிவிடுங்கள். 4:3 அளவில் செய்தவற்றைச் சேர்க்கும்போது படங்கள் இழுபடலாம்.

அடுத்தது கெடு. வெள்ளிக்கிழமை என்றால் எத்தனை மணி, எந்த ஊர் மணி? எங்களுக்கு மாலை 5 என்றால் ரெயூனியனிலும் 5, சென்னையில் 6.30, டர்பனில் 3. கெடுவை நிகழ்ச்சியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். கோக்க ஒரு மாலை, சிதைந்ததைச் சரிசெய்ய ஒரு நாள், பேச்சாளர்கள் பார்த்துச் சொல்ல ஒரு நாள். சனிக்கிழமை நிகழ்ச்சிக்குச் செவ்வாய்தான் சரி. தைப்பூசக் காவடி வரும் வாரமானால் இன்னும் முன்னே தள்ளுங்கள். அன்று இங்கே அரசு விடுமுறை, அதற்கு முந்தைய நாட்களிலும் பலர் விரதமும் கோயிலுமாக இருப்பார்கள்.

கெடுவுக்குப் பிறகும் திருத்தம் வரத்தான் செய்யும். முழுக் கோப்பை மறுபடி வாங்கினால் சரிசெய்த வேலை எல்லாம் வீணாகும். மாறிய ஸ்லைடின் எண்ணையும் புதிய வாசகத்தையும் மட்டும் கேட்டு வாங்குங்கள்.

இப்போது நான் அனுப்புவது இது:

“வணக்கம் ஐயா / அம்மா. எல்லோருடைய ஸ்லைடுகளையும் ஒரே கோப்பாகச் சேர்த்து எங்கள் லேப்டாப்பிலேயே ஓட்டுவோம்; மேடையில் வேறு கணினி இணைக்க இயலாது. செவ்வாய் மாலை 5 மணிக்குள் (மொரீஷியஸ் நேரம், சென்னையில் 6.30, டர்பனில் 3) பவர்பாயிண்ட், பிடிஎஃப் இரண்டையும் அனுப்புங்கள். அளவு 16:9, தமிழ் யூனிகோடில். பாமினியில் இருந்தால் ஞாயிறுக்குள் அனுப்புங்கள், நாங்களே மாற்றித் தருகிறோம். 25 எம்பிக்கு மேல் போனால் டிரைவ் இணைப்பாக அனுப்பி, இணைப்பு உள்ள எவரும் திறக்கும்படி அனுமதி கொடுங்கள். வியாழன் காலை சேர்த்த கோப்பு உங்களுக்கு வரும். திருத்தம் இருந்தால் அன்று மாலை 5 மணிக்குள் ஸ்லைடு எண்ணும் புதிய வாசகமும் மட்டும் எழுதுங்கள்.”

கோப்பு வந்ததும் “கிடைத்தது, 14 ஸ்லைடு, திறந்து பார்த்தேன்” என்று பதில் போடுகிறேன். பன்னிரண்டுதானே அனுப்பினேன் என்று ஒருவர் சொன்னால், பழைய கோப்பு வந்துவிட்டது என்று செவ்வாய்க்கிழமையே தெரிந்துவிடும்.