ப்ராக்ரஸிவ் போட்டும் கணினித் திரை மங்கலாகத் தெரிந்தால்

எனக்குத் தூரப்பார்வைக்குப் பவர் இல்லை. படிக்க மட்டும் +2.00. அந்தப் படிக்கும் கண்ணாடியில் புத்தகம் பளிச்சென்று தெரியும், 65 செ.மீ. தள்ளியிருக்கும் திரை தெரியாது. காரணம் எளிய கணக்கு: என்னைப்போல் தூரத்துக்குப் பவர் இல்லாதவர்கள் 100-ஐப் பவரால் வகுத்தால், தெளிவு முடியும் தூரம் செ.மீ. கணக்கில் வரும். +2.00-க்கு அது 50 செ.மீ.தான்.

அதனால் எல்லாத் தூரத்தையும் ஒரே லென்ஸில் பார்க்க உதவும் ப்ராக்ரஸிவ் கண்ணாடி போட்டேன். அதில் தூரம் மேலே, படிப்பது கீழே, திரைக்கான பகுதி நடுவில் ஒடுங்கிய பாதையாக இருக்கும். அதைப் பிடிக்க மோவாயைத் தூக்கித் தூக்கிக் கழுத்து வலித்தது. முதலில் பார்க்க வேண்டியது ஃபிரேம். அது மூக்கில் 2, 3 மி.மீ. சரிந்தாலே இன்னும் அண்ணாந்து பார்க்க வேண்டிவரும். கடையில் லென்ஸின் பொருத்தக் குறியைப் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். நேரே பார்க்கும்போது அது கண்மணியின் நடுவில் நிற்க வேண்டும். ஃபிரேமைச் சரிசெய்ததில் என் படிப்புச் சிரமம் போயிற்று, திரைச் சிரமம் பாதிதான் குறைந்தது.

மீதியைத் தீர்த்தது கணினிக்கென்றே தனியாகப் போட்ட +1.25 ஒற்றைப் பவர் கண்ணாடி. 80 செ.மீ. வரை தெளிவு, திரை முழுக்க ஒரே சீர். வெளியே போக ப்ராக்ரஸிவே வசதி. பரிசோதனைக்குப் போகும்போது கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை அளந்து கொண்டுபோங்கள்.

காண்டாக்ட் லென்ஸில் ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் வைக்கும் முறை உண்டு. ஆழத்தைக் கணிப்பது சற்றுக் குறையும். மல்டிஃபோகல் லென்ஸில் இரு கண்ணும் சேர்ந்து பார்க்கும், ஆனால் இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம். இரவில் வண்டி ஓட்டுபவர்கள் சோதனை லென்ஸைப் போட்டுப் பார்த்தே முடிவெடுங்கள்.