வெப்பமும் வினைவேக மாற்றியும்: மோதல் கொள்கையில் சறுக்கும் இடங்கள்

"வெப்பநிலை உயர்ந்தால் மூலக்கூறுகள் வேகமாக ஓடும், அடிக்கடி மோதும், ஆகவே வினை விரைவாக நடக்கும்." பிளஸ் டூ வேதியியல் விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் விடை இது. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் உண்மையான காரணம் இதில் விடுபட்டுப்போகிறது. எவ்வளவு பெரிய பகுதி விடுபடுகிறது என்பதை ஒரு சிறு கணக்குப் போட்டாலே பார்த்துவிடலாம்.

மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடையே எடுத்துக்கொள்வோம். அது தானாகவே மெல்லச் சிதைந்து நீராகவும் ஆக்சிஜனாகவும் மாறும்: 2H₂O₂ → 2H₂O + O₂. வெப்பநிலையை 25 டிகிரி செல்சியஸிலிருந்து 35 டிகிரிக்கு உயர்த்துகிறோம். கெல்வினில் இது 298 முதல் 308 வரை. மூலக்கூறுகளின் சராசரி வேகம் கெல்வின் வெப்பநிலையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதன்படி வேகம் கூடுவது 1.7 சதவீதம்தான். மோதல்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய அதே அளவுதான் கூடும். ஆனால் வினையின் வேகமோ இரண்டரை மடங்குக்கு மேல் உயர்கிறது. 1.7 சதவீதக் கூடுதல் மோதல் இதை ஒருபோதும் விளக்காது.

மோதும் எல்லா மூலக்கூறுகளும் வினைபுரிவதில்லை. மோதலில் குறைந்தபட்சம் ஓர் அளவு ஆற்றல் இருந்தாக வேண்டும். அதுதான் கிளர்வு ஆற்றல். பெராக்சைடு தானாகச் சிதைவதற்குப் பாடநூல்கள் தரும் மதிப்பு மோலுக்குச் சுமார் 75 கிலோஜூல். அந்த அளவை எட்டும் மோதல்களின் பங்கை e^(−Ea/RT) என்ற கோவை தருகிறது; இதில் Ea கிளர்வு ஆற்றல், R வாயு மாறிலி, T கெல்வின் வெப்பநிலை. 25 டிகிரியில் கணக்கிட்டால் ஏறத்தாழ 14 லட்சம் கோடி மோதல்களுக்கு ஒன்றுதான் தேறும். 35 டிகிரியில் 5.2 லட்சம் கோடிக்கு ஒன்று. இரண்டுமே மிகச் சிறிய பங்குகள்தான். ஆனால் இரண்டாவது பங்கு முதலாவதைப் போல 2.7 மடங்கு. வேகம் உயர்வதற்கு முதன்மையான காரணம் இதுவே. மோதல் அடிக்கடி நிகழ்வது துணைக் காரணம் மட்டுமே. விடையில் இந்த வரிசையை மாற்றி எழுதக் கூடாது.

இங்கிருந்தே இன்னொரு தவறும் முளைக்கிறது. "பத்து டிகிரிக்கு வேகம் இரட்டிப்பாகும்" என்பதைப் பலர் விதியாக மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அறை வெப்பநிலையில், கிளர்வு ஆற்றல் 50 கிலோஜூலை ஒட்டி இருக்கும் வினைகளுக்குத்தான் அது பொருந்தும். கிளர்வு ஆற்றல் அதிகமாக இருந்தால் வெப்பநிலை மாற்றம் வேகத்தை மேலும் கடுமையாகப் பாதிக்கும்.

"வெப்பப்படுத்தினால் கிளர்வு ஆற்றல் குறையும்" என்று எழுதுவது இவற்றையெல்லாம்விடப் பெரிய பிழை. ஆற்றல் பரவலைக் காட்டும் மாக்ஸ்வெல்-போல்ட்ஸ்மன் வளைகோட்டை வரைந்து பாருங்கள். வெப்பநிலை உயர்ந்தால் வளைகோடு தாழ்ந்து, விரிந்து, அதன் முகடு வலப்பக்கம் நகரும். கிளர்வு ஆற்றலைக் குறிக்கும் செங்குத்துக்கோடு இருந்த இடத்திலேயே இருக்கும். வினைவேக மாற்றி சேர்த்தால் நேர்மாறாக நடக்கும்: வளைகோடு அசையாது, செங்குத்துக்கோடு இடப்பக்கம் வரும். படத்தில் எது நகர்கிறது என்று முதலில் கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வெப்பநிலை உயர்ந்த பின் வரையும் வளைகோட்டின் முகடு பழையதைவிட உயரமாக இருந்தால் படம் தவறு. மூலக்கூறுகளின் எண்ணிக்கை மாறவில்லை. ஆகவே வளைகோட்டுக்குக் கீழுள்ள பரப்பும் மாறக் கூடாது.

வினைவேக மாற்றி மூலக்கூறுகளுக்கு ஆற்றல் எதையும் வழங்குவதில்லை. "அது வினையில் பங்கேற்காது" என்பதும் சரியல்ல. பெராக்சைடுக் கரைசலில் பொட்டாசியம் அயோடைடைச் சேர்த்தால் முதலில் H₂O₂ + I⁻ → H₂O + OI⁻ என்ற வினை நடக்கிறது. பிறகு H₂O₂ + OI⁻ → H₂O + O₂ + I⁻. அயோடைடு நேரடியாக வினைபுரிகிறது. இரண்டாம் படியில் மீண்டு வருகிறது. கரைசலில் தென்படும் மஞ்சள் பழுப்பு நிறம், அயோடைடில் ஒரு பகுதி பக்கவினையில் அயோடினாக மாறியதைக் காட்டுகிறது. பெராக்சைடு தானாகச் சிதையும் பழைய பாதையின் கிளர்வு ஆற்றல் அப்படியே 75 கிலோஜூலாகவே இருக்கிறது. சுமார் 57 கிலோஜூல் மட்டுமே கேட்கும் புதிய பாதை ஒன்று கூடுதலாகத் திறக்கிறது. அதே 25 டிகிரியில் இப்போது ஆயிரம் கோடி மோதல்களுக்கு ஒன்று தேறும். அதாவது சுமார் 1400 மடங்கு. பத்து டிகிரி வெப்பம் தந்த 2.7 மடங்கை இதன் அருகில் வைத்துப் பாருங்கள்.

ஆனால் சோதனையில் வேகம் சரியாக 1400 மடங்கு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எவ்வளவு அயோடைடு சேர்த்தோம் என்பதும் வேகத்தைத் தீர்மானிக்கும். மோதலின் திசையும் முக்கியம். அயோடைடு வந்து தாக்க வேண்டியது ஆக்சிஜன் அணுவை; ஹைட்ரஜன் இருக்கும் பக்கமாக வந்து மோதினால், எவ்வளவு ஆற்றல் இருந்தாலும் அந்த மோதல் வீண். கூடவே, மோதல் கொள்கை வாயுக்களுக்காக உருவானது. கரைசலில் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளும் குறுக்கிடுவதால், மேலே போட்டவை தோராயக் கணக்குகளே.

ஆய்வகத்தில் நடக்கும் ஒரு தவறு பலரின் கண்ணில் படுவதே இல்லை. இந்தச் சிதைவு வெப்பம் உமிழும் வினை. ஒரு மோல் பெராக்சைடுக்குச் சுமார் 95 கிலோஜூல் வெளிப்படுகிறது. 3 சதவீதக் கரைசல் முழுவதும் விரைவாகச் சிதைந்தால், வெப்பம் வெளியேறாத நிலையில் கரைசல் ஏறக்குறைய 20 டிகிரி சூடாகும். அப்போது நாம் அளக்கும் வேகத்தில் அயோடைடின் பங்கும் வெப்பத்தின் பங்கும் கலந்துவிடுகின்றன. அயோடைடின் அளவை இரட்டிப்பாக்கினால் வேகம் இரண்டு மடங்காக வேண்டும். அதற்கு மேல் வந்தால் முதலில் வெப்பமானியைப் பாருங்கள். குடுவையை நீர்த்தொட்டியில் வைத்து, கரைசலை நீர்க்கச் செய்து, தொடக்க வேகத்தை மட்டும் எடுத்துக்கொள்வதே சரியான முறை.

அதே சோதனை இன்னொரு தவறான எண்ணத்தையும் தீர்க்கும். 3 சதவீதக் கரைசல் 10 மி.லி. எடுத்தால், அறை வெப்பநிலையில் கிடைப்பது சுமார் 110 மி.லி. ஆக்சிஜன். அயோடைடை ஒரு சிட்டிகை போட்டாலும் ஒரு கரண்டி போட்டாலும் வாயு சிரிஞ்சு நிற்கும் இடம் கிட்டத்தட்ட அதேதான். அங்கே எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறது என்பதுதான் மாறும். வினைவேக மாற்றி விளைபொருளின் அளவைக் கூட்டாது. மீள்வினைகளில் முன்வினை, பின்வினை இரண்டின் தடையும் ஒரே அளவு குறைவதால் சமநிலை நகராது. வெப்பநிலை அப்படியல்ல; அது சமநிலையையும் நகர்த்தும். ஹேபர் முறையில் அம்மோனியா தயாரிக்கும்போது அதிகம் சூடாக்கினால் விளைச்சல் குறைவதும், இரும்பு வினைவேக மாற்றி போதிய வேகத்தில் இயங்குவதற்காக 400 முதல் 450 டிகிரி வரை வைத்துக்கொள்வதும் இதனால்தான்.

நொதிகளுக்கு வெப்பத்தில் ஓர் எல்லை உண்டு. பச்சை உருளைக்கிழங்குத் துண்டைப் பெராக்சைடில் போட்டால் அதிலுள்ள கேட்டலேஸ் நொதியால் நுரை பொங்கும். நன்றாக வேகவைத்த துண்டில் நுரை வராது. சூட்டில் நொதியின் புரத வடிவம் குலைந்துபோய்விட்டது. பெராக்சைடு தீர்ந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தால், அதே கிண்ணத்தில் பச்சைத் துண்டு ஒன்றைப் போடுங்கள், உடனே பொங்கும். ஆகவே நொதி வினைகளைப் பற்றி எழுதும்போது "வெப்பநிலை உயர்ந்தால் வேகம் கூடும்" என்று நிறுத்திவிடாமல், எந்த வெப்பநிலை வரை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.