அரை மதிப்பெண்ணுக்கு ரவுண்டு செய்யுங்கள், ரேங்கை மட்டும் தொடாதீர்கள்

மூன்று தேர்வு வைத்து, பாடத்துக்குப் பாடம் சராசரி எடுத்து, அதை அரை மதிப்பெண்ணுக்கு ரவுண்டு செய்து ரேங்க் கார்டில் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 78.33 என்று எழுதுவதைவிட 78.5 என்று எழுதினால் பார்க்கத் தெளிவாக இருக்கும், அதில் தவறில்லை. ரேங்கையும் அந்த 78.5-ஐ வைத்தே போடும்போதுதான் வம்பு தொடங்குகிறது.

முதலில் ஒரே பாடத்தைப் பார்ப்போம். ஒரு மாணவி மூன்று தேர்விலும் சேர்த்து 235 வாங்கியிருக்கிறாள், இன்னொருத்தி 236. சராசரி 78.33, 78.67. இரண்டுக்கும் மிக அருகிலுள்ள அரை மதிப்பெண் 78.5 தான். மூன்றால் வகுக்கும்போது மீதி எப்போதும் மூன்றில் ஒன்றாகவோ மூன்றில் இரண்டாகவோ வரும், அல்லது வராது. வந்தால் இரண்டும் அரையிலேயே போய் விழும். ஆகவே இது எப்போதாவது நடக்கும் விபத்து அல்ல. மூன்று தேர்வுச் சராசரி எடுக்கும் எந்த வகுப்பிலும் இப்படி ஜோடி ஜோடியாக மாணவர்கள் சமமாகிக்கொண்டே இருப்பார்கள். 236 வாங்கியவளுக்கு முதல் ரேங்க், 235-க்கும் முதல் ரேங்க், 234 வாங்கியவளுக்கு மூன்றாம் ரேங்க் என்று எக்செல் போட்டுக் கொடுத்துவிடும்.

சமமாவதாவது பரவாயில்லை, ஆளையே மாற்றிப்போடுவதும் உண்டு. பாடவாரியாக ரவுண்டு செய்துவிட்டு அதைக் கூட்டினால் அப்படி ஆகும். கீழே இருவரின் ஐந்து பாடச் சராசரிகள்.

வரிசை எண் 7: 78.33, 65.33, 82.33, 71.33, 90.33
வரிசை எண் 12: 80.67, 68.67, 79.67, 73.67, 85.67

மூன்று தேர்வையும் சேர்த்த மொத்தத்தில் 7-ஆம் எண் 1500-க்கு 1163, 12-ஆம் எண் 1165. அதாவது 12 தான் முன்னே. இப்போது ஒவ்வொரு பாடத்தையும் அரைக்கு ரவுண்டு செய்யுங்கள். 7-ஆம் எண்ணுக்கு ஐந்து பாடத்திலும் 0.17 அளவுக்கு ஏறுகிறது. 12-ஆம் எண்ணுக்கு ஐந்திலும் அதே அளவு இறங்குகிறது. கூட்டினால் 7-க்கு 388.5, 12-க்கு 387.5. இரண்டு மதிப்பெண் குறைவாக எடுத்தவன் ஒரு மதிப்பெண் முந்திவிட்டான். யாரும் தப்பாகத் திருத்தவில்லை, யாரும் தப்பாகக் கூட்டவில்லை. பட்டியலை எத்தனை முறை சரிபார்த்தாலும் பிழை தென்படாது, ஏனென்றால் கண்ணில் படும் எண்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்.

இதற்கு வழி, வகுக்காத மொத்தத்தைத் தனி நெடுவரிசையில் வைத்திருப்பது. B முதல் F வரை ஐந்து பாடங்களின் மூன்று தேர்வுக் கூட்டல் (300-க்கு) இருக்கட்டும். G-யில் அவற்றின் மொத்தம். கார்டில் அச்சாக வேண்டிய அரை மதிப்பெண் H முதல் L வரை. ரேங்க் M-இல்.

```
G2:  =SUM(B2:F2)
H2:  =ROUND(B2/3*2,0)/2
M2:  =RANK.EQ(G2,$G$2:$G$41,0)
```

இரண்டால் பெருக்கி, முழு எண்ணாக்கி, மீண்டும் இரண்டால் வகுக்கிறோம். அரைக்கு ரவுண்டு செய்வது அவ்வளவுதான். `MROUND(B2/3,0.5)` என்று எழுதினாலும் இதே விடை வரும். ரேங்க் சூத்திரத்தில் டாலர் குறியை விட்டுவிட்டால், கீழே இழுக்கும்போது வீச்சும் சேர்ந்து நகர்ந்து, கடைசி வரிசைக்காரர்களுக்கெல்லாம் நல்ல ரேங்க் கிடைக்கும்.

G-யில் சராசரி வேண்டாம், மொத்தமே இருக்கட்டும் என்பதற்குக் காரணம் உண்டு. முழு எண்ணைக் கணினி பிசகாமல் வைத்துக்கொள்ளும். பின்னத்தை அப்படி வைத்துக்கொள்வதில்லை, 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் உள்ளே மிகச் சன்னமாக ஒரு மிச்சம் ஒட்டிக்கொள்ளும். தேர்வுகளுக்கு 20%, 30%, 50% என்று எடை கொடுத்து 0.2, 0.3, 0.5 ஆல் பெருக்கினால், கணக்குப்படி சமமான இருவர் திரையிலும் சமமாகவே தெரிவார்கள். ஆனால் ரேங்க் மட்டும் 4, 5 என்று பிரிந்துவிடலாம். 2, 3, 5 ஆல் பெருக்கிக் கூட்டி, அந்த மொத்தத்துக்கு ரேங்க் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. பின்னத்தைத் தவிர்க்க முடியாவிட்டால், ரேங்குக்கு எடுக்கும் மதிப்பை `ROUND(...,6)` வழியாக அனுப்புங்கள். ஆறாவது தசம இடத்துக்குப் பின்னால் யாருடைய உழைப்பும் இல்லை.

உண்மை மதிப்பு தொலைவது பெரும்பாலும் சூத்திரத்தால் அல்ல, கை அவசரத்தால்தான். ரவுண்டு செய்த எண்ணை நகலெடுத்து, பழைய நெடுவரிசையின் மேலேயே மதிப்பாக ஒட்டிவிடுவார்கள். கோப்பைச் சேமித்து மூடிய பிறகு 235-ஆ 236-ஆ என்று யாராலும் சொல்ல முடியாது. G பார்க்க அசிங்கமாக இருந்தால் மறைத்து வையுங்கள், அழிக்காதீர்கள். எக்செல் அமைப்புகளில் `Set precision as displayed` என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைச் சொடுக்கினால் திரையில் தெரியும் தசம இடங்களுக்கு எண்ணை ரவுண்டு செய்து நிரந்தரமாக்கிவிடும். மதிப்பெண் கோப்பில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இரண்டு முறை ரவுண்டு செய்வதும் இதே வகைதான். சராசரி 78.246 என்றால் அரைக்கு 78.0. ஆனால் முதலில் இரண்டு தசமத்துக்கு 78.25 ஆக்கிவிட்டு, பிறகு அரைக்குக் கொண்டுபோனால் 78.5. அரை மதிப்பெண் கூடுதல், அதுவும் காரணமே இல்லாமல்.

நான்கு தேர்வு வைக்கும் இடங்களில் சரியாக .25, .75 என்று முடியும் சராசரிகள் அடிக்கடி வரும். எக்செல் இரண்டையும் மேலே தள்ளும்: 78.25 என்பது 78.5, 78.75 என்பது 79. பைத்தானில் `round` அப்படிச் செய்யாது. சரிபாதியில் நிற்கும் எண்ணை இரட்டைப்படை எண்ணுக்கே கொண்டுபோகும். `round(78.25*2)/2` தருவது 78.0. அலுவலகத்தில் ஒருவர் எக்செல்லிலும் இன்னொருவர் பைத்தானிலும் போட்டால் ஒரே மாணவனுக்கு இரண்டு வெவ்வேறு மதிப்பெண் வரும். பைத்தானில் `math.floor(x*2+0.5)/2` என்று எழுதினால் இரண்டும் ஒத்துப்போகும். தேர்ச்சிக் கோட்டிலும் இதே பிரச்சினை உண்டு. 35 எடுத்தால் தேர்ச்சி என்றால், 34.75 வாங்கியவனுக்குக் கார்டில் 35.0 என்று அச்சாகும். கீழே ‘தோல்வி’ என்று போட்டால் எந்த அப்பா ஒத்துக்கொள்வார்? எந்த மதிப்பை வைத்துத் தேர்ச்சி என்பதைத் தேர்வுக்கு முன்பே முடிவு செய்து எழுதிவைப்பது நல்லது.

கார்டிலும் ஒரு சங்கடம் மிச்சமிருக்கிறது. 7-ஆம் எண்ணின் உண்மையான சராசரி மொத்தம் 387.67, அரைக்கு 387.5. ஆனால் அச்சான ஐந்து பாட மதிப்பெண்களைக் கூட்டினால் 388.5 வரும். பெற்றோர் கூட்டிப் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். சராசரி மொத்தத்தை அச்சடிக்காமல் 1163/1500 என்றே போட்டு, பக்கத்தில் ‘ரேங்க் இந்த மொத்தத்தின்படி’ என்று எழுதிவிடுங்கள். 78.5-உம் 78.5-உம் எப்படி முதல், இரண்டாம் ரேங்க் ஆகும் என்ற கேள்விக்கும் அந்த ஒரு வரி பதில் சொல்லிவிடும்.

கார்டு அச்சுக்குப் போகும் முன் பட்டியல் முழுவதையும் G நெடுவரிசையின்படி பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள். M மேலிருந்து கீழே 1, 2, 3 என்று ஏறிக்கொண்டே போக வேண்டும். G சமமாக இருக்கும் இடத்தில் மட்டும் ரேங்க் அப்படியே நிற்கலாம். எங்காவது 6-க்கு அடுத்து 5 வந்தாலோ, G வேறாக இருந்தும் ரேங்க் ஒன்றாக இருந்தாலோ, அந்தக் கட்டத்தின் சூத்திரத்தைத் திறந்து பாருங்கள். அங்கே G-க்குப் பதிலாக ரவுண்டு செய்த நெடுவரிசை ஏதாவது உட்கார்ந்திருக்கும், இல்லாவிட்டால் டாலர் குறி விட்டுப்போயிருக்கும்.