துக்க விடுப்பில் தானியங்கி பதிலும் வாடிக்கையாளர் அறிவிப்பும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் ஒரு மரணம் நேர்ந்த நேரத்தில் மின்னஞ்சல் எழுத யாருக்கும் மனம் வராது. தனியாகத் தொழில் செய்கிறவருக்கு அந்த வேலையை வேறு யாரிடமும் தள்ளவும் முடியாது. அதனால் பலரும் மனதுக்கு வந்ததை நான்கைந்து வரி தட்டி, தானியங்கி பதிலாக வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். தனியாக அலுவலகம் நடத்தும் ஒரு கணக்கரை எடுத்துக்கொள்வோம். அவர் எழுதுவது அநேகமாக இப்படி இருக்கும்:

“என் தந்தை நேற்று இரவு மாரடைப்பால் காலமானார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். இறுதிச் சடங்குகளுக்காக ஊருக்குச் செல்வதால் சில நாட்கள் அலுவலகத்தில் இருக்க மாட்டேன். மின்னஞ்சலை அவ்வப்போது பார்ப்பேன். மிக அவசரம் என்றால் என் கைப்பேசிக்கு அழைக்கவும். சிரமத்துக்கு மன்னிக்கவும்.”

நல்ல மனதோடு எழுதியதுதான். ஆனால் இதில் ஏறக்குறைய ஒவ்வொரு வரியும் அவருக்கோ அவருடைய வாடிக்கையாளருக்கோ ஒரு தொல்லையை வைத்திருக்கிறது.

முதல் தவறு, இது யாருக்குப் போகிறது என்று யோசிக்காதது. தானியங்கி பதில் ஆள் பார்த்துப் போவதில்லை. பத்து வருட வாடிக்கையாளருக்குப் போகிற அதே வரிகள், விலைப்பட்டியல் அனுப்பிய விற்பனையாளருக்கும் முன்பின் தெரியாதவருக்கும் போகின்றன. இறந்தவர் யார், எப்படி இறந்தார், குடும்பம் எந்த நாளில் வெளியூரில் இருக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தேவையே இல்லை. வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஊருக்கே சொல்வது ஒரு ஆபத்து. அதைவிடப் பெரிய ஆபத்து பணம் சம்பந்தப்பட்டது. கணக்கர் மடல் பார்க்கவில்லை, துக்கத்தில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்ட மோசடிக்காரர், அவர் பெயரில் “என் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்” என்று வாடிக்கையாளருக்கு எழுதினால் போதும். துக்க வீட்டுக்கு போன் செய்து சரிபார்க்கத் தயங்கி, பணத்தை அனுப்பிவிடுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஜிமெயிலில் Vacation responder ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் நான்கு நாள் கழித்து மறுபடி எழுதினால், அதே பதில் அவருக்கு மறுபடி போகும். இரண்டு வார விடுப்பில், அடிக்கடி எழுதும் வாடிக்கையாளர் “மாரடைப்பால் காலமானார்” என்ற வரியை மூன்று தடவைகூடப் படிக்க நேரும். முதல் தடவை மனம் கனத்துப்போனவருக்கு மூன்றாம் தடவை என்ன செய்வதென்றே தெரியாது.

தானியங்கி பதிலில் “குடும்பத்தில் ஒரு மரணம்” என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். அதையும் சொல்ல விருப்பமில்லை என்றால் “எதிர்பாராத விடுப்பு” என்று எழுதலாம், அதில் குறை ஒன்றுமில்லை. என்னைக் கேட்டால் மரணம் என்று ஒரு முறை சொல்லிவிடுவது நல்லது. காரணம் தெரிந்தவர்கள் விடாமல் நினைவூட்டல் அனுப்புவதை நிறுத்திக்கொள்வார்கள்.

அடுத்தது “சில நாட்கள்”. வாடிக்கையாளர் ஒருவர் அதை மூன்று நாள் என்று எடுத்துக்கொள்வார், இன்னொருவர் பத்து நாள் என்பார். தேதி போட வேண்டும். எந்தத் தேதியைப் போடுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். தந்தை இறந்தது 8ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. 23ஆம் தேதி திங்கட்கிழமை மேசைக்குத் திரும்பலாம் என்று கணக்கர் நினைக்கிறார். அந்த 23ஐ அறிவிப்பில் போட்டால், அன்று காலை ஒன்பது மணிக்கே எல்லோரும் அழைப்பார்கள். இரண்டு வாரக் குவியலை அவர் இன்னும் திறந்துகூட இருக்க மாட்டார். இறப்புச் சான்றிதழ், வங்கி, காப்பீடு என்று ஒரு மரணத்துக்குப் பிந்தைய அலைச்சலும் பெரும்பாலும் நினைத்ததைவிட நீளும். அதனால் வெளியே சொல்லும் தேதி, நீங்கள் உட்காரும் நாளாக இல்லாமல் பதில் எழுதத் தொடங்கும் நாளாக இருக்கட்டும். இங்கே அது 25, புதன்கிழமை. சொன்ன தேதிக்கு முன்பே பதில் வந்தால் யாரும் கோபிக்கப் போவதில்லை.

இப்போது “மின்னஞ்சலை அவ்வப்போது பார்ப்பேன்”. இருப்பதிலேயே அதிகம் கெடுதல் செய்கிற வரி இதுதான் என்பேன். பொறுப்பானவர் என்று காட்டிக்கொள்ள எழுதுகிறோம். படிக்கிறவர் அதை “பார்த்துவிடுவார்” என்று எடுத்துக்கொண்டு காத்திருக்கிறார். மாற்று வழி தேட வேண்டியவர் தேடாமல் இருந்துவிடுகிறார். கெடு தாண்டிய பிறகு “பார்ப்பேன் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்” என்று கேட்டால் பதில் இல்லை. நடுவில் பார்க்க நேர்ந்தால் பார்த்துக்கொள்ளுங்கள், வாக்காகக் கொடுக்காதீர்கள். “அதுவரை மின்னஞ்சல் பார்க்க மாட்டேன்” என்பது கேட்கக் கடுமையாகத் தோன்றினாலும் வாடிக்கையாளருக்கு அதுதான் உதவி.

“மிக அவசரம் என்றால்” என்பதும் அப்படித்தான். எது அவசரம் என்று சொல்லாவிட்டால், எல்லாருக்கும் அவரவர் வேலை அவசரம். தேதியை வைத்து வரையறுத்துவிட்டால் குழப்பம் தீரும்: 24ஆம் தேதிக்குள் தாக்கல் செய்தே ஆக வேண்டியது அவசரம், மற்றது 25க்கு மேல்.

திருத்திய தானியங்கி பதில் இது:

“வணக்கம். குடும்பத்தில் நேர்ந்த ஒரு மரணத்தால் 24ஆம் தேதி வரை விடுப்பில் இருக்கிறேன். அதுவரை மின்னஞ்சல் பார்க்க மாட்டேன். 25ஆம் தேதி புதன்கிழமை முதல், வந்த வரிசையில் பதில் எழுதுவேன். 24ஆம் தேதிக்குள் முடிய வேண்டிய வேலை உள்ள வாடிக்கையாளர்களுக்கு ‘விடுப்பு ஏற்பாடு’ என்ற தலைப்பில் தனியாக எழுதியிருக்கிறேன், அதைப் பாருங்கள்.”

கடைசி வரிக்கு ஒரு காரணம் இருக்கிறது. மாற்று ஆளின் பெயரையும் எண்ணையும் தானியங்கி பதிலில் போடுகிற பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. அது முன்பின் தெரியாதவருக்கும் போகும். மோசடிக்காரருக்கு நாமே இரண்டாவது ஆளைக் காட்டிக்கொடுத்த மாதிரி. அந்த விவரம் தனி அறிவிப்பில் இருக்கட்டும்.

தனி அறிவிப்பு எல்லோருக்கும் தேவையில்லை. இந்தக் கணக்கருக்கு முப்பது வாடிக்கையாளர்கள் என்று வைத்துக்கொள்வோம். விடுப்புக்குள் கெடு வருகிறவர்கள் நான்கைந்து பேர்தான் இருப்பார்கள். மற்றவர்கள் எழுதினால் தானியங்கி பதில் போகும், எழுதாதவர்களுக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. முப்பது பேருக்கும் ஒரே மடலை அனுப்பி, எல்லா முகவரியும் எல்லோருக்கும் தெரிகிறபடி வைப்பது இந்த அவசரத்தில் அடிக்கடி நடக்கிற விபத்து. யார் யார் அவருடைய வாடிக்கையாளர் என்பதே ரகசியமாக இருக்க வேண்டிய தொழில்களில், மனநல ஆலோசகர், வழக்கறிஞர் போன்றவர்களுக்கு, அது திருத்தவே முடியாத தவறு.

16ஆம் தேதி தாக்கல் உள்ள ஒரு வாடிக்கையாளருக்கு, 9ஆம் தேதி காலை போக வேண்டிய மடல்:

“தலைப்பு: விடுப்பு ஏற்பாடு: உங்கள் 16ஆம் தேதித் தாக்கல்

வணக்கம். என் தந்தை காலமாகிவிட்டார். 24ஆம் தேதி வரை நான் வேலையில் இருக்க மாட்டேன். உங்கள் தாக்கலுக்கான படிவம் தயார். கடந்த மாத வங்கி அறிக்கை மட்டும் வர வேண்டும். அதை 12ஆம் தேதி மாலைக்குள், இந்த மடலில் நகல் பெறும் சக கணக்கருக்கு அனுப்புங்கள். அவர் சரிபார்த்து 13ஆம் தேதி உங்கள் ஒப்புதலுக்கு அனுப்புவார். உங்கள் கோப்பை அவரிடம் தர எனக்கு உங்கள் சம்மதம் வேண்டும். இன்று மாலைக்குள் ‘சரி’ என்று இருவருக்கும் பதில் போடுங்கள். வேறு கணக்கரிடம் கொடுக்க விரும்பினால் அதையும் இன்றே சொல்லுங்கள். கோப்பை உங்களுக்கே அனுப்பிவிடுகிறேன். என் வங்கிக் கணக்கு விவரம் எதுவும் மாறவில்லை. மாறியதாக மடல் வந்தால் பணம் அனுப்ப வேண்டாம். இரங்கல் தெரிவித்துப் பதில் எழுத வேண்டியதில்லை.”

தலைப்பில் “துக்கச் செய்தி” என்று போட்டிருந்தால், திறந்து படித்துவிட்டு “ஆழ்ந்த இரங்கல்” என்று பதில் போட்டு மூடிவிடுவார். தன் தாக்கலைப் பற்றித்தான் மடல் என்று தெரிந்தால்தான் கடைசி வரி வரை படிப்பார். மரணம் ஒரு வாக்கியத்தில் முடிகிறது, மீதி எல்லாம் அவருடைய வேலை. உங்கள் வீட்டுத் துக்கத்துக்காகத் தாக்கல் தேதி தானாகத் தள்ளிப்போகாது என்பது வாடிக்கையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, அதனால் தேதிகளை வெளிப்படையாக எழுதியிருக்கிறது. “சிரமத்துக்கு மன்னிக்கவும்” இல்லை. மன்னிப்புக் கேட்கிறவரைப் பார்த்தால் “பரவாயில்லை, ஒரு சின்ன விஷயம் மட்டும்…” என்று ஆரம்பிக்கத் தோன்றும்.

சம்மதம் கேட்கும் வரியை விட்டுவிடக் கூடாது. ஒருவருடைய வருமானக் கணக்கை அவரைக் கேட்காமல் இன்னொருவர் கையில் கொடுக்க எந்தத் துக்கமும் உரிமை தராது. மாற்று ஆளிடமும் முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும். பெயரைப் போட்டுவிட்டுப் பிறகு சொல்வது அவரையும் இக்கட்டில் விடும். வேலை ஒப்பந்தக் கடிதத்திலேயே “நான் இல்லாதபோது இன்னார் கவனிப்பார்” என்று முன்பே ஒரு வரி இருந்தால், இந்த நாளில் இரண்டு வாக்கியம் மிச்சமாகும்.

மின்னஞ்சலைச் சரிசெய்துவிட்டு மற்றவற்றை மறந்துவிடுவதும் உண்டு. நேரம் பதிவு செய்யும் இணைப்பு திறந்தே இருக்கும், அதில் யாராவது 17ஆம் தேதிக்கு நேரம் வாங்கிவிடுவார். “கட்டணம் பாக்கி” என்ற தானியங்கி நினைவூட்டல், நேற்று இரங்கல் சொன்னவருக்கே போய் விழும். வாட்ஸ்ஆப் பிசினஸில் வைக்கும் விடுப்புச் செய்தி, உங்கள் போனில் இணைய இணைப்பு இருந்தால்தான் போகும். போனை அணைத்து வைத்தால் எழுதுகிறவருக்கு எதுவும் வராது. அதனால் கெடு உள்ளவர்களை அதை நம்பி விடக் கூடாது.

ஜிமெயிலில் Last day என்ற பெட்டியைத் தேர்ந்து 24 என்று போடாவிட்டால், நீங்களாக அணைக்கும் வரை பதில் போய்க்கொண்டே இருக்கும். போட்டால் 24ஆம் தேதி இரவோடு தானாக நின்றுவிடும், நீங்கள் தயாராக இல்லாவிட்டாலும். இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்று 22ஆம் தேதியே தெரிந்தால் அன்றே தேதியை மாற்றுங்கள். 25ஐ நம்பிக் காத்திருக்கும் நான்கைந்து பேருக்குப் புதுத் தேதியை ஒரே வரியில் தனித்தனியாக அனுப்புங்கள். காரணத்தைத் திரும்ப விளக்க வேண்டாம்.