அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் உண்மைதானா? கம்பெனிக்கு மெயில் எழுதிக் கேட்பது எப்படி

கோத்தகிரியில் பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். போன மழைக்காலத்தில் ஒரு புதன்கிழமை, கட்டபெட்டு பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவன். கோயம்புத்தூரில் பம்பு செட் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் பெயரில் அவனுக்கு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் மெயிலில் வந்திருந்தது. "கலர் பிரின்ட் ஒண்ணு போட்டுக் குடுங்கண்ணா" என்றான். குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலை, மாதம் 24,500 ரூபாய், திங்கட்கிழமை சேர வேண்டும். கடைசிப் பக்கத்தில்தான் விஷயம் இருந்தது. யூனிஃபார்ம், ஐடி கார்டு, பயிற்சி எல்லாவற்றுக்கும் சேர்த்து 6,800 ரூபாயை வெள்ளிக்கிழமைக்குள் யுபிஐ மூலம் அனுப்ப வேண்டுமாம். முதல் சம்பளத்தோடு திருப்பித் தருவார்களாம். அவன் அம்மா எஸ்டேட்டில் இலை பறிக்கிறவர். மகளிர் குழுவில் கடன் வாங்கி, பணத்தைத் தயாராக வைத்திருந்தார்.

"கம்பெனிக்கே மெயில் போட்டு உண்மையான்னு கேட்டியா?" என்றேன்.

"கேட்டேண்ணா. பத்து நிமிஷத்துல பதில் வந்துருச்சு. ஜெனுயின்தான், பயப்படாதீங்கன்னு போட்டிருக்காங்க."

எடுத்துப் பார்த்தேன். ஆர்டர் வந்த அதே மெயிலுக்கே ரிப்ளை போட்டிருந்தான். ஆர்டரை அனுப்பிய ஆளிடமே அது உண்மையா என்று கேட்டிருக்கிறான். அந்த ஆள் வேறென்ன சொல்வான்?

மெயில் எழுதுவது பெரிய வேலை இல்லை. அது யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதுதான் பெரிய விஷயம். அதனால் எழுதுவதற்கு முந்தைய இரண்டு படிகளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

படி 1: ஆர்டர் எந்த முகவரியிலிருந்து வந்தது என்று பாருங்கள்

ஜிமெயில் ஆப்பில் மெயிலைத் திறந்தால் அனுப்பியவர் பெயர் பெரிதாகத் தெரியும். அந்தப் பெயரை நம்ப வேண்டாம், யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் வைத்துக்கொள்ளலாம். பெயருக்குக் கீழே `to me` என்று சின்னதாக இருக்கும். அதைத் தொட்டு, விவரம் காட்டச் சொன்னால் முழு முகவரியும் வரும். அங்கே `Reply-to` என்று தனியாக ஒரு வரி இருந்தால் அதையும் பாருங்கள். நீங்கள் ரிப்ளை அழுத்தினால் பதில் அந்த முகவரிக்குத்தான் போகும்.

முகவரியில் `@` குறிக்குப் பிறகு வருவதை வலது கோடியிலிருந்து இடதாகப் படித்துப் பழகுங்கள். தம்பியின் மெயிலில் இருந்தது இந்த மாதிரி. அசல் பெயரைப் போடாமல் மாதிரிப் பெயர் போட்டிருக்கிறேன்:

```
hr@company-careers.example   (ஆர்டர் வந்த முகவரி)
hr@company.example           (கம்பெனியின் முகவரி)
```

கடைசிப் புள்ளிக்கு முன்னால் ஒட்டி நிற்கும் சொல் முழுவதும்தான் அந்தத் தளத்தின் பெயர். `.co.in` மாதிரி முடிந்தால் அதற்கு முன்னால் இருப்பதைப் பாருங்கள். நடுவில் ஒரு கோடு போட்டு `careers` என்று சேர்த்தால் அது வேறு தளம், வேறு ஆள் காசு கொடுத்து வாங்கியிருக்கலாம். சில கம்பெனிகள் ஆள் எடுப்பதற்கென்றே இப்படித் தனித் தளம் வைத்திருப்பதும் உண்டு. ஆகவே முகவரி வித்தியாசமாக இருப்பதை வைத்து மட்டும் போலி என்று முடிவு கட்ட வேண்டாம். அந்த முகவரிக்கு உங்கள் கேள்வியை அனுப்பாமல் இருந்தால் போதும்.

படி 2: கம்பெனியின் முகவரியை நீங்களாகத் தேடி எடுங்கள்

ஆர்டரில் அச்சிட்டிருக்கும் போன் நம்பர், மெயில், வெப்சைட் மூன்றையும் மறந்துவிடுங்கள். போலி ஆர்டர் என்றால் மூன்றுமே ஒரே ஆளிடம் போய் முடியும்.

கூகுளில் தேடலாம். ஆனால் மேலே `Sponsored` என்று வருபவை விளம்பரங்கள், அவற்றைத் தாண்டிப் போங்கள். கம்பெனியின் சொந்தத் தளத்தில் `Contact` அல்லது `Careers` பக்கத்தில் இருக்கும் முகவரியை எடுங்கள். "எங்கள் பெயரில் போலி வேலை ஆணைகள் உலவுகின்றன" என்று எச்சரிக்கையே போட்டு, புகாருக்குத் தனி முகவரி கொடுத்திருக்கும் கம்பெனிகளும் உண்டு. அது கிடைத்தால் முதலில் அங்கேதான் எழுத வேண்டும்.

இன்னொரு வழி, கம்பெனிகளைப் பதிவு செய்யும் மத்திய அரசுத் துறையின் தளம், `mca.gov.in`. அங்கே கம்பெனி பெயரைப் போட்டுத் தேடினால் பதிவு அலுவலக விலாசமும் மெயில் முகவரியும் கிடைக்கும். அந்த மெயில் பெரும்பாலும் கணக்குப் பிரிவுக்கோ கம்பெனி செக்ரட்டரிக்கோ போகும். பரவாயில்லை, அவர்கள் ஹெச்.ஆருக்கு அனுப்பிவிடுவார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, லெட்டர்ஹெட்டில் கம்பெனியின் 21 எழுத்துப் பதிவு எண் இருக்க வேண்டும். அதை `CIN` என்பார்கள். கோவைப் பதிவாளரிடம் பதிந்த கம்பெனி என்றால் அதன் நடுவில் `TZ` என்று வரும். தம்பியின் ஆர்டரிலும் அந்த எண் இருந்தது, `TZ`ம் இருந்தது, அரசுத் தளத்தில் போட்டால் அசல் கம்பெனியே வந்தது. "பாருங்கண்ணா, கரெக்டா இருக்கே" என்று அவன் முகம் மலர்ந்துவிட்டது. அந்த எண் ரகசியம் இல்லை. கம்பெனியின் எந்த பில்லிலிருந்தும் பார்த்து எழுதிக்கொள்ளலாம். எண் இல்லாவிட்டால் சந்தேகப்படலாம். இருக்கிறது என்பதற்காக நம்பிவிடக் கூடாது.

எங்களுக்குக் கடைசியில் உதவியது ஒரு வாரன்ட்டி கார்டு. அவன் சித்தப்பாவின் கேரட் தோட்டத்தில் ஓடுவது அதே கம்பெனி மோட்டார். வீட்டுக்கு போன் போட்டு கார்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னோம். மோட்டாரோடு பெட்டிக்குள் வந்த கார்டில் மோசடிக்காரன் கை வைத்திருக்க வழியில்லை. அதில் இருந்த வெப்சைட் முகவரியும் நாங்கள் தேடி எடுத்ததும் ஒன்றாக இருந்தன.

படி 3: புது மெயிலாக எழுதுங்கள்

ரிப்ளை வேண்டாம், ஃபார்வர்டும் வேண்டாம். `Compose` அழுத்திப் புதிதாகத் தொடங்குங்கள். ஆர்டர் அனுப்பிய ஆளை `Cc`யில் சேர்க்காதீர்கள்.

ஹெச்.ஆரில் இருப்பவர் ஒரு நாளில் நிறைய மெயில் பார்ப்பவர். உங்கள் குடும்பக் கஷ்டத்தை எழுதினால் கேள்வி அதற்குள் புதைந்துவிடும். ரெஜிஸ்டரைப் பார்த்து இரண்டு வரியில் பதில் சொல்லும்படி கேளுங்கள். கோவைக் கம்பெனி என்பதால் நாங்கள் தமிழிலேயே எழுதினோம். வெளிமாநிலக் கம்பெனி என்றால் ஆங்கிலத்தில், இதே வரிசையில் எழுதுங்கள்.

```
பொருள்: நியமன ஆணை சரிபார்ப்பு - எண் QC/0417 - வரும் திங்கள் சேரும் நாள்

ஐயா / அம்மா,

தங்கள் நிறுவனத்தின் பெயரில் எனக்கு ஒரு நியமன ஆணை
மின்னஞ்சலில் வந்துள்ளது. அதன் விவரம்:

என் பெயர்: (ஆணையில் உள்ளபடி)
ஆணை எண், தேதி: QC/0417, (தேதி)
பதவி, இடம்: குவாலிட்டி இன்ஸ்பெக்டர், கோவை
கையொப்பமிட்டவர்: (பெயர், பதவி)
வந்த முகவரி: hr@company-careers.example
கேட்கப்பட்ட தொகை: ரூ. 6,800, வெள்ளிக்கிழமைக்குள்

தெரிவிக்க வேண்டுவது:
1. இந்த ஆணை தங்கள் நிறுவனம் வழங்கியதா?
2. மேற்கண்ட முகவரி தங்களுடையதா?
3. வேறு நிறுவனம் மூலம் ஆள் எடுத்திருந்தால் அதன் பெயர் என்ன?

ஆணையின் முதல், கடைசிப் பக்கங்களை இணைத்துள்ளேன்.
தங்கள் பதில் வரும்வரை பணம் செலுத்த மாட்டேன்.

(பெயர், கைபேசி எண்)
```

விவரங்களை மெயிலுக்குள்ளேயே எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முன்பின் தெரியாதவர் அனுப்பும் இணைப்பைத் திறக்கக் கூடாது என்று பல ஆபீஸ்களில் கட்டுப்பாடு இருக்கும். இணைப்பைத் திறக்காமலே பதில் சொல்லும்படி மெயில் இருக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். குன்னூர் பெண் ஒருத்தி இப்படித்தான் ஒரு பெரிய கம்பெனிக்கு எழுதினாள். "இது நாங்கள் கொடுத்த ஆணை இல்லை" என்று பதில் வர, வேலையையே விட்டுவிடப் பார்த்தாள். உண்மையில் அது மேன்பவர் கான்ட்ராக்ட் வேலை. வேலை செய்யும் இடம் அந்தக் கம்பெனி, சம்பளமும் ஆர்டரும் தருவது கான்ட்ராக்ட் எடுத்த நிறுவனம். மறுபடி எழுதி அந்த நிறுவனத்தின் பெயரைக் கேட்ட பிறகுதான் விஷயம் தெளிவானது. இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறாள்.

படி 4: இணைப்பு

முழு ஆர்டரையும் அனுப்பாதீர்கள். ஆதார், பான், வங்கிக் கணக்கு எண் இருக்கும் பகுதியை விட்டு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெட்டி அனுப்புங்கள். பிடிஎஃப்பில் எண் மேல் கறுப்புக் கட்டம் வரைந்தால் மறைந்த மாதிரிதான் தெரியும். அந்தக் கட்டத்தை நகர்த்தி எண்ணைப் படித்துவிட முடியும்.

படி 5: வரும் பதிலைப் படிப்பது

"உங்கள் மெயில் கிடைத்தது" என்று உடனே வருவது மெஷின் அனுப்புவது. அது உறுதி ஆகாது. பதில் எந்த முகவரியிலிருந்து வந்திருக்கிறது என்று படி 1 போலவே மறுபடி பாருங்கள். "ஆர்டரில் உள்ள நம்பரைக் கூப்பிடுங்கள்" என்று வந்தால், அவர்கள் ரெஜிஸ்டரைப் பார்க்கவில்லை என்று பொருள். முதல் கேள்வியை மட்டும் திரும்பக் கேளுங்கள்.

இரண்டு வேலை நாளில் பதில் இல்லாவிட்டால் கம்பெனியின் தளத்தில் இருக்கும் லேண்ட்லைன் நம்பருக்கு போன் செய்து, ஹெச்.ஆருக்கு லைன் கொடுக்கச் சொல்லுங்கள். ஆர்டர் அனுப்பியவர் அதற்குள் அவசரப்படுத்தினால், "சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன், நான்கு நாள் அவகாசம் வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டதென்றால் மெயில் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே 1930க்கு போன் செய்யுங்கள், `cybercrime.gov.in` தளத்திலும் புகார் பதியுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் கணக்கை முடக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்க வழியுண்டு.

தம்பிக்கு வியாழக்கிழமை மதியமே பதில் வந்தது. அந்த வரிசையில் அவர்களிடம் ஆணை எண்ணே கிடையாது. கையொப்பத்தில் இருந்த பெயரில் ஒருவர் அங்கே இருக்கிறார், ஆனால் அவர் கொள்முதல் பிரிவில் இருப்பவர். வேலைக்கு யாரிடமும் பணம் வாங்குவதில்லை என்றும், அந்த யுபிஐ ஐடியையும் வந்த மெயிலையும் அனுப்பி வைக்கும்படியும் எழுதியிருந்தார்கள். கடையில் உட்கார்ந்தே இரண்டையும் அனுப்பினான். அடுத்த வாரக் கூட்டத்தில் அவன் அம்மா அந்த 6,800 ரூபாயைக் குழுவில் அப்படியே திருப்பிக் கட்டிவிட்டார்.