ஓணத்துக்கு எத்தனை நாள் முன்பு விளம்பரப் பணத்தை ஏற்றுவது?

களியக்காவிளையில் இருந்து கசவு சேலையும் செட் முண்டும் ஆன்லைனில் விற்கும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாங்குபவர்களில் பெரும்பாலோர் எல்லைக்கு அந்தப் பக்கம். ஓணத்துக்கு முன்பு தேவை ஏறும் என்பது கடைக்காரருக்குத் தெரியும். எந்த நாளில் இருந்து ஏறும் என்பதுதான் கேள்வி.

1. சரியான இடம், சரியான சொல்

கூகுள் ட்ரெண்ட்ஸில் கடை இருக்கும் தமிழ்நாட்டை வைக்காதீர்கள். வாங்குபவர் இருக்கும் கேரளத்தைத் தேர்ந்தெடுங்கள். தேடல் பெட்டியில் இப்படித் தட்டலாம்:

```
set saree + kasavu saree + set mundu
```

`+` போட்டால் மூன்றும் ஒரே கோடாகச் சேரும். மலையாள எழுத்தில் தேடுவோருக்காக அந்த வடிவங்களையும் சேருங்கள். காலத்தை 2025 ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை வைத்தால் நாள்வாரியாகத் தரவு வரும். 5 வருடத்தை மொத்தமாகக் கேட்டால் வாரக் கணக்குதான் கிடைக்கும். 2023-க்கும் 2024-க்கும் இதே போல் தனித்தனியாக CSV இறக்கிக்கொள்ளுங்கள்.

இந்த எண்கள் தேடல் எண்ணிக்கை அல்ல. அந்தக் காலத்தின் உச்சத்தை 100 என்று வைத்து மற்ற நாட்களை அதற்கு ஒப்பிட்டுத் தருகிறார்கள். ஒவ்வொரு கோப்புக்கும் 100 வேறு என்பதால், மூன்று வருடங்களின் உயரத்தை இந்தக் கோப்புகளைக் கொண்டு ஒப்பிட முடியாது. ஏற்றம் எப்போது தொடங்குகிறது, எப்போது இறங்குகிறது என்ற வடிவத்தை மட்டும் ஒப்பிடலாம். நமக்கு வேண்டியதும் அதுதான்.

2. தேதியை விட்டுவிட்டு நாட்களை எண்ணுங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. திருவோணம் 2023-ல் ஆகஸ்ட் 29, 2024-ல் செப்டம்பர் 15, 2025-ல் செப்டம்பர் 5, 2026-ல் ஆகஸ்ட் 26. போன வருடம் ஆகஸ்ட் 12-ல் தேடல் குறைவாக இருந்தது என்று இந்த வருடமும் அன்று பணத்தைப் பூட்டி வைத்தால் 10 நாள் பிந்திவிடுவீர்கள்.

அதனால் தேதிக்குப் பக்கத்தில் ஒரு புது நெடுவரிசை போட்டு, திருவோணத்துக்கு எத்தனை நாள் என்று கணக்கிடுங்கள். தேதி A2-வில் தொடங்கினால்:

```
=A2-DATE(2025,9,5)
```

விடை தேதி போலத் தெரிந்தால் அந்தக் கட்டத்தின் வடிவத்தை எண்ணுக்கு மாற்றுங்கள். −20 என்றால் ஓணத்துக்கு 20 நாள் முன்பு. மூன்று வருடங்களையும் இந்த எண்ணின்படி பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒற்றை நாள் எண் குதித்துக் குதித்து வரும். 7 நாள் சராசரி எடுத்தால் கோடு தெளியும். 2024-ஐ மட்டும் நம்பிவிடாதீர்கள்: வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு அந்த வருடம் அரசு ஓண வாரக் கொண்டாட்டத்தையே நிறுத்திவைத்தது.

3. உச்சம் வேறு, விற்க முடிகிற நாள் வேறு

ஜூன் மாதச் சராசரியை அடிப்படையாக வையுங்கள். விளக்கத்துக்கு, அது 10 என்றும் −18-ல் 40 என்றும் வந்ததாகக் கொள்வோம். அன்றைக்குத் தேவை 4 மடங்கு. கூகுள் விளம்பரத்துக்குத் தினம் 500 ரூபாய் போடுபவர் 2,000 வரை யோசிக்கலாம்.

ஆனால் தேடல் −3-ல் இன்னும் மேலே நின்றாலும் அதைத் துரத்தக் கூடாது. கூரியர் 4 நாள் எடுத்தால் −5-க்குப் பிறகு வரும் ஆர்டர் ஓணத்துக்கு முன்பு போய்ச் சேராது. சேலைக்கு ரவிக்கை தைக்கவும் நாள் வேண்டும் என்பதால் சீக்கிரம் வாங்குவோரும் உண்டு. ஆகவே உங்கள் உண்மையான உச்சம் தேடல் உச்சத்துக்கு முன்பே வந்து போய்விடும். போன வருட ஆர்டர்களையும் இதே நாள் எண்ணில் அடுக்கிப் பாருங்கள், இடைவெளி கண்ணில் படும்.

4. படிப்படியாக ஏற்றுங்கள்

500-ல் இருந்து ஒரே நாளில் 2,000-க்குத் தாவினால் தானியங்கி ஏலம் தடுமாறிக் கண்ட கிளிக்குக்கும் பணம் கொடுக்கலாம். இரண்டு நாளைக்கு ஒருமுறை கால்வாசி ஏற்றுவது பாதுகாப்பான வழக்கம்: 625, 780, 975, 1,220, 1,525, 1,900. ஆறு படிக்கு 12 நாள். −18-ல் உச்சத்தில் இருக்க வேண்டுமென்றால் −30-ல் தொடங்க வேண்டும். 2026-க்கு அது ஜூலை 27 முதல் ஆகஸ்ட் 8 வரை.

ஒவ்வொரு படிக்கும் முன்பு கூகுள் ஆட்ஸில் `Search lost IS (budget)` என்ற நெடுவரிசையைப் பாருங்கள். அது பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் பணம் போதாமல் எதையும் இழக்கவில்லை, ஏற்றியும் பயனில்லை. பக்கத்தில் `Search lost IS (rank)` பெரிதாக இருந்தால் கோளாறு ஏலத் தொகையிலோ விளம்பரத் தரத்திலோ இருக்கிறது. இன்னொன்று: 1,900 என்று வைத்தாலும் ஒரே நாளில் அதன் இரு மடங்கு வரை செலவாகலாம். மாதக் கணக்கில்தான் தினத் தொகையின் 30.4 மடங்குக்கு மேல் போகாது. அட்டையில் அதற்கு இடம் வையுங்கள்.

−5-ல், அதாவது ஆகஸ்ட் 21-ல், கூரியர் விளம்பரத்தைக் குறையுங்கள். கடைக்கு நேரில் வரக்கூடிய பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தை மட்டும் இலக்காக வைத்து, "இன்றே வந்து வாங்கலாம்" என்ற தனி விளம்பரத்துக்கு மீதிப் பணத்தைத் திருப்புங்கள்.